‘சேர்ந்த தேதி’ சொல்வதும் சொல்லாததும்

2023 மார்ச் 23 அன்று யூடியூபில் ‘டெஸ்லா’ என்ற பெயரில் ஒரு சேனல் நேரலை ஓட்டிக்கொண்டிருந்தது. எலான் மஸ்க் பேசும் பழைய காட்சி ஒன்று திரும்பத் திரும்ப ஓடியது. கூடவே கிரிப்டோ நாணயத் தளம் ஒன்றுக்கு ஆள் இழுக்கும் அறிவிப்பு. சந்தாதாரர்கள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேர். இவ்வளவு பெரிய சேனல் பொய்யாகவா இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது டெஸ்லா நிறுவனத்தின் சேனலே அல்ல. கனடாவிலிருந்து இயங்கும் ‘லைனஸ் டெக் டிப்ஸ்’ என்ற கணினி விமர்சனச் சேனலைத் திருடி, பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள். விளம்பர ஒப்பந்தம் என்ற போர்வையில் வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்ததில், உள்நுழைந்த நிலையில் இருந்த கணக்கின் அடையாளத் துணுக்கே திருடுபோயிற்று. கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் காவல் இருந்தும் பயன்படவில்லை.

பெயர், முகப்புப் படம், மேலே ஓடும் பதாகை ஆகிய மூன்றும் சேனல்காரர் கைக்குள் இருப்பவை. நினைத்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். அதனால் ஒரு சேனல் எப்படிப்பட்டது என்று பார்க்க நினைப்பவர்கள் முகப்பைத் தாண்டி உள்ளே ஒரு பக்கத்தைத் திறக்கிறார்கள். சேனல் தொடங்கிய தேதி, இதுவரை கிடைத்த மொத்தப் பார்வைகள், சேனலின் நாடு ஆகியவை அங்கே சின்ன எழுத்தில் இருக்கின்றன.

முன்பு அந்தப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு தாவல் இருந்தது. வீடியோ, பிளேலிஸ்ட், சமூகம் என்று வரிசையாக வந்து கடைசியில் About என்று முடியும். 2023-இன் பிற்பகுதியில் யூடியூப் அதை எடுத்துவிட்டது. இப்போது சேனலின் முகப்புக்குப் போய், பெயருக்கும் சந்தாதாரர் எண்ணிக்கைக்கும் கீழே தெரியும் அறிமுக வரியைத் தொட வேண்டும். அந்த வரி பாதியில் வெட்டுப்பட்டு ...more என்று முடிந்திருக்கும். கணினியிலும் கைபேசியிலும் இதே இடம்தான். தொட்டதும் ஒரு பெட்டி திறக்கும். அறிமுக உரை, இணைப்புகள் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே இறங்கினால் சேனலின் முகவரி, நாடு, Joined என்ற சொல்லோடு ஒரு தேதி, சந்தாதாரர்கள், வீடியோக்கள், பார்வைகள் என்று வரிசையாக வரும். கணினியில் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. சேனல் முகவரியின் கடைசியில் /about என்று தட்டினால் அதே பெட்டி நேராகத் திறந்துகொள்ளும்.

கண்டுபிடிப்பது அவ்வளவுதான். படிப்பதில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். அந்த மூன்று வரிகளும் ஒரே மாதிரி அச்சிடப்பட்டிருந்தாலும் ஒரே எடை கொண்டவை அல்ல. தேதியை யூடியூப் எழுதுகிறது. சேனல்காரரால் அதைத் தொட முடியாது. நாட்டைச் சேனல்காரரே எழுதுகிறார். பார்வைகளை யூடியூப் எண்ணுகிறது. ஆனால் அந்த எண் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

தேதியிலிருந்து தொடங்குவோம். பெயரை மாற்றினாலும், @ குறியோடு தொடங்கும் கைப்பிடிப் பெயரை மாற்றினாலும், எல்லா வீடியோக்களையும் அழித்துவிட்டு வேறு தொழிலுக்கே போனாலும் அந்தத் தேதி நகராது. போலிகளைப் பிடிக்க இதைவிட எளிய கருவி வேறு இல்லை. நீங்கள் ஒரு பிரபல சேனலின் வீடியோவுக்குக் கீழே கருத்து எழுதுகிறீர்கள். சற்று நேரத்தில் அதே சேனலின் பெயர், அதே முகப்புப் படத்தோடு பதில் வருகிறது: ‘வாழ்த்துகள், நீங்கள் பரிசுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், டெலிகிராமில் வாருங்கள்.’ அந்தப் பெயரைத் தொட்டு உள்ளே போய்த் தேதியைப் பாருங்கள். உண்மையான சேனல் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்க, இது போன வாரம் சேர்ந்ததாக இருக்கும். வீடியோ ஒன்றுகூட இருக்காது. இதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

புதிய தேதி இப்படிச் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். பழைய தேதி அப்படி அல்ல. லைனஸ் டெக் டிப்ஸ் 2008 நவம்பரில் தொடங்கிய சேனல். ‘டெஸ்லா’ என்று பெயர் மாற்றப்பட்டிருந்த நேரத்தில் ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்திருந்தாலும் 2008 என்றுதான் படித்திருப்பார். டெஸ்லா 2003-இல் தொடங்கிய நிறுவனம். ஐந்து வருடம் கழித்து யூடியூபுக்கு வந்திருக்கிறார்கள் போலும் என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்ளும். பழைய வண்டியின் ஆர்.சி. புத்தகம் போலத்தான் இதுவும்: வண்டி எந்த வருடத்தது என்று அது சரியாகவே சொல்லும், இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் யார் என்பது வேறு கேள்வி.

திருடர்கள் பழைய சேனல்களைத் தேடுவது இதற்காகவும்தான். 2021 அக்டோபரில் கூகுளின் பாதுகாப்புக் குழு வெளியிட்ட ஓர் அறிக்கை, திருடப்பட்ட யூடியூப் சேனல்கள் கள்ளச் சந்தையில் என்ன விலை போகின்றன என்று சொன்னது. சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்து 3 டாலரிலிருந்து 4,000 டாலர் வரை. சட்டப்படியே பேசி முடித்துக் கைமாறும் சேனல்களும் உண்டு. எப்படி மாறினாலும் தேதி பழையதாகவே இருக்கும்.

அப்படியானால் திருடுபோன சேனலை எப்படி அடையாளம் காண்பது? தேதியைத் தனியாகப் பார்க்காமல், அதே பெட்டியில் இருக்கும் வீடியோக்களின் எண்ணிக்கையோடு சேர்த்துப் பாருங்கள். திருடியவர்கள் முதலில் செய்வது பழைய வீடியோக்களை மறைப்பது அல்லது அழிப்பது. அவை இருந்தால் குட்டு உடைந்துவிடும். ஆக, பதினைந்து வருட வயது, லட்சக்கணக்கில் சந்தாதாரர்கள், கையில் இருப்பதோ ஒன்றிரண்டு வீடியோ என்று மூன்றும் சேர்ந்து நின்றால் சந்தேகப்படலாம். கைப்பிடிப் பெயரையும் கவனியுங்கள். லைனஸ் டெக் டிப்ஸ் திருடப்பட்டபோது அதன் கைப்பிடி temporaryhandle என்று மாறியிருந்தது. உலகப் பெரு நிறுவனம் எதுவும் தன் முகவரியை அப்படி வைத்துக்கொள்ளாது.

தேதியில் இன்னொரு பொருள்கோள் சிக்கல். அது சேனல் உருவான நாள். முதல் வீடியோ வெளியான நாள் அல்ல. இதற்கு டி-சீரிஸை விட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த இந்திப் பாடல் நிறுவனத்தின் சேனல் 2006 மார்ச் 13 அன்று உருவானது. யூடியூபே தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்த காலம். தேதியை மட்டும் பார்ப்பவர், இருபது வருடமாக விடாமல் பாடல் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதிவிடுவார். உண்மையில் அந்தச் சேனலில் வீடியோக்கள் வரத் தொடங்கியது 2010-இன் கடைசியில். நடுவில் நான்கரை வருடத்துக்கும் மேலே அந்த இடம் காலியாகக் கிடந்தது.

அந்த இடைவெளியில் நடந்ததும் சுவையானதுதான். ரசிகர்கள் தங்கள் பாடல்களை அனுமதியில்லாமல் யூடியூபில் ஏற்றுகிறார்கள் என்று 2007-இல் டி-சீரிஸ் நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தில் யூடியூப் மீதே வழக்குப் போட்டது. 2011-இல் சமரசமாகி உரிம ஒப்பந்தத்தில் முடிந்தது. பிறகு அதே தளத்தில் உலகிலேயே மிக அதிகம் பார்க்கப்படும் சேனலாக அது வளர்ந்தது வேறு கதை. இத்தனையையும் ‘சேர்ந்தது 2006’ என்ற ஒற்றை வரி மறைத்து வைத்திருக்கிறது.

நம்மூரிலும் இதே நிலைமை சிறிய அளவில் நிறைய உண்டு. பல வருடங்களுக்கு முன் ஏதோ பாட்டுக்குக் கருத்து எழுதவோ பிளேலிஸ்ட் சேர்க்கவோ ஒருவர் சேனல் ஒன்றை உருவாக்கியிருப்பார். பிறகு மறந்தும் போயிருப்பார். 2020 ஊரடங்கில் சமையல் வீடியோ போடலாம் என்று தோன்றியபோது கையில் இருந்த அதே சேனலைப் பயன்படுத்தியிருப்பார். தேதி 2011 என்று காட்டும். அனுபவம் 2020-இல் தொடங்கியிருக்கும். இதற்கு நேர்மாறாக, விதிமீறல் புகாரில் சேனல் முடக்கப்பட்டு, புதிதாக ஒன்று தொடங்கிய பழைய கைகளும் உண்டு. அவர்களுக்குத் தேதி இளமையாகவே இருக்கும். உண்மையான தொடக்கம் வேண்டுமென்றால் வீடியோக்கள் பக்கத்துக்குப் போய்ப் பழையவை முதலில் என்று வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். அங்கே முதலில் நிற்பது இன்று மிஞ்சியிருப்பவற்றில் பழையது. அதற்கு முன் போட்டு அழித்தவை அதில் வராது.

நாள் ஒன்று முன்பின்னாக இருப்பது ஏன் என்றும் சிலர் குழம்புவதுண்டு. யூடியூபின் முதல் வீடியோவே இதற்குச் சாட்சி. நிறுவனர்களில் ஒருவரான ஜாவெத் கரீம் சான் டியகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன் நின்று பேசும் 19 விநாடி வீடியோ அது. கலிபோர்னியாவில் அதை ஏற்றியபோது 2005 ஏப்ரல் 23, இரவு 8 மணி 31 நிமிடம். உலகப் பொது நேரப்படி அது ஏப்ரல் 24 அதிகாலை. நம் நேரப்படி ஏப்ரல் 24 காலை ஒன்பது மணி. எந்த நேரக் கணக்கில் ஒரு பக்கம் தேதியை எழுதுகிறது என்பதைப் பொறுத்து 23 என்றும் 24 என்றும் வரும், இரண்டும் சரியே. சேனல் தேதிகளிலும் இப்படி ஒரு நாள் வித்தியாசம் தென்பட்டால் ஏமாற்று வேலை என்று நினைத்துவிட வேண்டாம்.

துல்லியமாக வேண்டுவோருக்கு யூடியூப் இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. நிரல் எழுதுபவர்களுக்கான அந்தச் சேவைக்குக் கூகுளிடம் இலவசமாகச் சாவி ஒன்று வாங்கிக்கொண்டால், உலாவியில் இந்த முகவரியைத் தட்டினாலே போதும்:

```
https://www.googleapis.com/youtube/v3/channels?part=snippet,statistics&forHandle=@tseries&key=YOUR_KEY
```

கடைசியில் இருக்கும் YOUR_KEY என்ற இடத்தில் உங்கள் சாவியைப் போட வேண்டும். வரும் பதிலில் publishedAt என்பது உருவான நாளும் நேரமும், விநாடி வரை, உலகப் பொது நேரத்தில். country என்பது நாடு, viewCount என்பது மொத்தப் பார்வைகள். பெட்டியில் நாம் பார்ப்பதும் இதே விவரங்கள்தான். ஒன்றிரண்டு சேனல்களைப் பார்க்க இதற்கு மெனக்கெட வேண்டியதில்லை. நூறு சேனல்களை ஒப்பிட வேண்டியவருக்குத்தான் இது.

அடுத்து, மொத்தப் பார்வைகள். விளம்பரம் கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பதும் அதிகம் ஏமாறுவதும் இந்த எண்ணில்தான். ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு சேனல்காரர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘நம்ம சேனலுக்கு 12 கோடி வியூஸ் அண்ணே’ என்கிறார். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். ஆம், 12 கோடிதான். வீடியோக்கள் 400. வகுத்துப் பார்த்தால் வீடியோவுக்கு 3 லட்சம் வருகிறது. நம் கடை விளம்பரத்தை 3 லட்சம் பேர் பார்ப்பார்கள் என்று அவர் மனக்கணக்குப் போட்டால் அதில் தவறு காண முடியாது. ஆனால் அவர் இன்னும் ஒரு படி போக வேண்டும்.

வீடியோக்கள் பக்கத்திலும் ஷார்ட்ஸ் பக்கத்திலும் பிரபலமானவை முதலில் என்று வரிசைப்படுத்தும் வசதி இருக்கிறது. அதைத் தொட்டதும் ஷார்ட்ஸில் ஒன்று 9 கோடிப் பார்வையோடு முதலில் நிற்கிறது. நாய்க்குட்டி ஒன்று ஆட்டோவில் ஏறும் முப்பது விநாடிக் காட்சி. 12 கோடியில் இந்த 9 கோடியைக் கழித்தால் மீதி 3 கோடி. அது 399 வீடியோக்களுக்குப் பங்கு. ஒன்றுக்கு ஏறக்குறைய 75,000. சொன்னதில் நான்கில் ஒரு பங்கு. அதோடு நிற்காமல், கடைசியாக வந்த பத்து வீடியோக்களின் எண்களையும் பார்த்தால் இன்றைய நிலை தெரியும். அவை 5,000, 8,000 என்று இருந்தால் பேரம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சேனல்காரர் பொய் சொல்லவில்லை. மொத்தம் என்பது எல்லா வருடத்தையும் எல்லா வீடியோவையும் ஒன்றாகக் கொட்டிய எண், அவ்வளவே.

அந்த நாய்க்குட்டியின் 9 கோடி எப்போது சேர்ந்தது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, ஏன், அதே ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்ப ஓடினாலும், ஒரு பார்வை என்று யூடியூப் எண்ணுகிறது. குறைந்தபட்சம் இத்தனை விநாடி பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கட்டைவிரல் தள்ளிக்கொண்டு போகும் வேகத்தில் கண்ணில் பட்டதும் கணக்கில் சேரும். பழைய முறைப்படி எண்ணியதைச் சேனல்காரருக்கு மட்டும் தனியாகக் காட்டுகிறார்கள். பணம் கணக்கிடுவதும் அதைக் கொண்டுதான். நமக்கு வெளியே தெரிவது பெருத்த எண். ஷார்ட்ஸ் மட்டுமே போடும் சேனலையும் அரை மணி நேர வீடியோ போடும் சேனலையும் மொத்தப் பார்வையை வைத்து ஒப்பிடுவது இப்போது அர்த்தமில்லாத வேலை.

இந்த எண் குறையவும் செய்யும் என்றேன். 2012 டிசம்பரில் யுனிவர்சல், சோனி போன்ற பெரிய இசை நிறுவனங்களின் சேனல்களில் மொத்தப் பார்வைகள் ஒரே வீச்சில் சரிந்தன. யுனிவர்சலுக்கு மட்டும் 100 கோடிக்கு மேல் போயிற்று. கள்ளப் பார்வைகளைப் பிடித்துவிட்டார்கள் என்று உடனே செய்தி பரவியது. விசாரித்ததில் பெரும்பகுதி வேறு காரணம். அந்த நிறுவனங்களின் வீடியோக்கள் பல, வெவோ என்ற பெயரில் இருந்த சேனல்களுக்கு முன்பே இடம் மாறிப் போயிருந்தன. இல்லாத வீடியோக்களின் பழைய எண்ணிக்கை மட்டும் மொத்தத்தில் தங்கியிருந்தது. அதைத்தான் கழித்தார்கள். எனவே நேற்றைவிட இன்று ஒரு சேனலின் மொத்தம் குறைந்திருந்தால், வீடியோக்களை மறைத்தார்களா, அழித்தார்களா என்பதை முதலில் பாருங்கள். மோசடி என்ற முடிவுக்குப் பிறகு போகலாம்.

பழைய எண் என்னவாக இருந்தது என்று பார்க்கவும் வழி இருக்கிறது. web.archive.org என்ற இணையக் காப்பகத்தில் சேனல் முகவரியைப் போட்டால், அவர்கள் எப்போதாவது படியெடுத்து வைத்திருந்த பக்கங்கள் வரும். பெரிய சேனல்களுக்கு வருடத்துக்குப் பல படிகள் கிடைக்கும். அதில் பெயர் மாறியதும் தெரிந்துவிடும். சிறு சேனல்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் கைகொடுக்காது.

நாடு என்ற வரிதான் மூன்றிலும் மெலிந்தது. யூடியூப் ஸ்டுடியோவில் அமைப்புகளுக்குப் போய், சேனல் என்ற பகுதியில், வசிக்கும் நாடு எது என்று ஒரு பட்டியலிலிருந்து சேனல்காரரே தேர்ந்தெடுக்கிறார். தேர்ந்தெடுக்காமல் விட்டால் பெட்டியில் அந்த வரியே வராது. ஆகவே நாடு காணப்படவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்க முடியாது. நிறையப் பேர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். யூடியூபில் வருமானம் பெறும் திட்டத்தில் சேர, அந்தத் திட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில் இருக்க வேண்டும் என்பதால், பணம் வாங்கும் சேனல்காரர்கள் ஓரளவு உண்மையைப் போடுவதுதான் வழக்கம். ஓரளவு என்றேன், டொரன்டோவில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துச் சமையலைச் சொல்லும் ஒருவர் கனடா என்றும் போடலாம், இலங்கை என்றும் போட்டிருக்கலாம்.

அமெரிக்கா என்று போட்டால் டாலரில் அதிகம் கிடைக்கும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். விளம்பரத்தின் விலை, பார்ப்பவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. சேனல்காரர் தன் பக்கத்தில் எழுதி வைக்கும் நாட்டை அல்ல. அதேபோல அந்த வரி பார்வையாளர்களின் நாட்டைச் சொல்வதும் இல்லை. இந்தியா என்று போட்டிருக்கும் சேனலின் பாதிப் பார்வைகள் வளைகுடாவிலிருந்து வந்தால் அது சேனல்காரரின் திரைக்குள் மட்டும் தெரியும். ஈரோட்டுக் கடைக்காரர் அதைக் கேட்டு வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

மற்ற தளங்கள் இங்கே கொஞ்சம் முன்னால் இருக்கின்றன. பேஸ்புக் பக்கம் ஒன்றின் வெளிப்படைத்தன்மைப் பகுதியைத் திறந்தால், பக்கம் தொடங்கிய தேதியோடு இதுவரை வைத்திருந்த பெயர்களும், அதை நிர்வகிப்பவர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். 2025 நவம்பரில் எக்ஸ் தளமும் கணக்கின் நாட்டைத் தானே கணித்துக் காட்டத் தொடங்கியது. அமெரிக்க அரசியலில் ஊறியவர்கள் என்று காட்டிக்கொண்ட சில கணக்குகள் வேறு கண்டங்களில் இருப்பது அம்பலமாகிப் பெரிய அமளி ஆயிற்று. வி.பி.என். போடுகிறவர்களுக்கு நாடு தவறாக வந்து, அதற்கும் சண்டை நடந்தது. யூடியூப் இரண்டையும் செய்வதில்லை. பெயர் வரலாறு அந்தப் பெட்டியில் இல்லை, நாட்டைச் சரிபார்ப்பதும் இல்லை.

ஆனால் பெயர் எத்தனை முறை மாறினாலும் மாறாத அடையாளம் ஒன்றை அதே பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கீழே பகிர்வதற்கான பொத்தானைத் தொட்டால், சேனல் அடையாள எண்ணை நகலெடுக்கும் வாய்ப்பு வரும். UC என்று தொடங்கும் 24 எழுத்துக் கோவை அது. ஒரு சேனலுக்கு முன்பணம் கொடுக்கிறீர்கள் என்றால், ஒப்பந்தத்தில் சேனலின் பெயரோடு இந்தக் கோவையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் பெயரும் படமும் கைப்பிடியும் மாறியிருந்தாலும், youtube.com/channel/ என்று தட்டி அதற்குப் பின்னால் இந்தக் கோவையைச் சேர்த்தால் அதே சேனல் திறக்கும்.